யூரியா ஏன் குளிருது? பிந்திக் கிடைத்த ஒரு பதில்

போன கிழமை மச்சானோட வயலுக்குப் போயிருந்தேன். பெரும்போக வேளாண்மை இலை கொஞ்சம் மஞ்சள் பிடிச்ச மாதிரி இருக்குது எண்டு, யூரியாவைத் தண்ணியில கரைச்சு இலைக்குத் தெளிக்கிறதுக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தார். ஒரு வாளித் தண்ணியில யூரியாவைக் கொட்டி, ஒரு தடியால கலக்கினார். பிறகு வாளியைத் தூக்கி டேங்குக்குள்ள ஊத்தும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "மச்சான், வாளியில கைய வெச்சுப் பாருங்க. ஐஸ் போட்ட மாதிரி. வெயில்ல கெடந்த தண்ணி இது. நீங்க சயன்ஸ் சேர் தானே, இது ஏன் எண்டு சொல்லுங்களேன்."

கையை வைத்துப் பார்த்தேன். வாளியின் வெளிப்பக்கம் வேர்த்திருந்தது. சொல்லவும் தொடங்கினேன். ஆனால் வாயைத் திறந்ததும் வேறொரு முகம் ஞாபகத்துக்கு வந்தது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். வாசிக்க நேரம் இருக்கிறவர்கள் வாசியுங்கள்.

நான் புதிதாகப் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில், தாக்கங்கள் ஏன் நடக்கின்றன என்பதை ஒரு தேங்காயை வைத்து விளங்கப்படுத்துவேன். தேங்காய் மரத்திலிருந்து தானாக விழும், தானாக ஏறாது. உயரத்தில் சக்தி கூட, கீழே குறைய. அதேபோல எல்லாப் பொருளும் சக்தி குறைந்த நிலைக்குப் போகப் பார்க்கும். மிஞ்சிய சக்தி வெப்பமாக வெளியே வரும். விறகு எரிவது, சுட்ட சுண்ணாம்பு தண்ணீரில் கொதிப்பது எல்லாம் இப்படித்தான் என்பேன். பிள்ளைகளுக்கு நன்றாக விளங்கும். எனக்கும் அது பிடித்த பாடம்.

ஒரு நாள் பின் வாங்கிலிருந்து ஒரு பொடியன் எழும்பினான். "சேர், எங்கட வாப்பா யூரியா கரைக்கிற நேரம் தண்ணி குளிருதே. அப்ப அது வெப்பத்த எடுக்குது. தேங்காய் மேல ஏறுற மாதிரித்தானே? அத ஆரு ஏத்துற?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது விதிவிலக்கு மகன். அகவெப்பத் தாக்கம் எண்டு பாடமாக்கி வை. இரி."

அவன் இருந்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் கேள்வி கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை.

எனக்கு ஒரு சின்ன ஆறுதல் உண்டு. அந்தத் தேங்காய்க் கதையை நம்பியவன் நான் மட்டும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கில் தொம்சன், பிரான்சில் பெர்த்தலோ என்ற இரண்டு பெரிய இரசாயனவியலாளர்கள் ஆயிரக்கணக்கான தாக்கங்களின் வெப்பத்தை அளந்துவிட்டு, வெப்பத்தை வெளிவிடுகிற தாக்கம்தான் தானாக நடக்கும் என்ற கருத்துக்கே வந்திருந்தார்கள். அவர்களுக்கும் உப்புக் கரைந்து தண்ணீர் குளிர்வது தெரியும். அதைச் சமாளிக்க, இது இரசாயன மாற்றம் அல்ல என்று ஓரமாக ஒதுக்கப் பார்த்தார்கள். விதிவிலக்கு என்று சொல்லி ஒரு பிள்ளையை இருத்துவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சரி, விசயத்துக்கு வருவோம். அந்த வாளியில் என்ன நடக்குது?

யூரியா மணி ஒன்றை எடுத்தால், உள்ளே மூலக்கூறுகள் வரிசையாக ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஐதரசன் பிணைப்பு என்று சொல்கிற பிடி அது. தண்ணீரில் போட்டதும் அந்தப் பிடியை விட வேண்டும். பிடியை விடுவிக்கச் சக்தி செலவாகும். பிறகு அதே மூலக்கூறைத் தண்ணீர் மூலக்கூறுகள் வந்து பிடித்துக்கொள்கின்றன. அப்போது கொஞ்சம் சக்தி திரும்பக் கிடைக்கும். யூரியாவில் செலவு கூட, வரவு குறைய. 60 கிராம் யூரியாவுக்கு, அதாவது ஒரு மூலுக்கு, துண்டுவிழும் தொகை ஏறத்தாழ 15 கிலோ யூல். அது எங்கிருந்து வரும்? தண்ணீர் மூலக்கூறுகள் அங்குமிங்கும் ஓடித்திரிகிற ஓட்டத்திலிருந்து. ஓட்டம் குறைந்தால் வெப்பநிலை குறையும். அதைத்தான் மச்சானின் கை குளிர் என்று சொன்னது.

வீட்டில் நான் செய்து பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் 100 மில்லிலீற்றர் தண்ணீர், 29 பாகை. அதில் 20 கிராம் யூரியா. கணக்குப்படி 20 கிராமுக்கு 5 கிலோ யூல் வேண்டும். அவ்வளவு தண்ணீரும் யூரியாவும் சேர்ந்த கலவையை ஒரு பாகை குளிராக்க ஏறத்தாழ 450 யூலை எடுக்க வேண்டும். ஆகவே 11 பாகை அளவுக்கு இறங்க வேண்டும். என் வெப்பமானி 19க்கு வந்து நின்றது. வெளியிலிருந்து கொஞ்சம் வெப்பம் உள்ளே வந்திருக்கும், அதனால் ஒரு பாகை குறைய. மெதுவாகக் கலக்கினால் இன்னும் குறைவாகத்தான் இறங்கும், அதற்குள் அறைச் சூடு உள்ளே புகுந்துவிடும். கோப்பையை அப்படியே வைத்துவிட்டு அஸருக்குப் பிறகு வந்து பார்த்தால் திரும்பவும் 29. ஆனால் யூரியா திரும்ப மணியாகவில்லை. எடுத்த கடனை அறைக் காற்றிடமிருந்து வாங்கி அடைத்துவிட்டு, கரைந்தபடியே இருக்குது.

குளிர்வது ஏன் என்று இதுவரை சொன்னேன். பொடியன் கேட்டது இதுவல்ல. அவன் கேட்டது, தேங்காயை ஆர் ஏத்தினது?

இதற்கு ஒரு அத்தர்ப் போத்தலை நினைத்துக்கொள்ளுங்கள். அறையின் ஒரு மூலையில் மூடியைத் திறந்தால் கொஞ்ச நேரத்தில் மற்ற மூலையிலும் மணக்கும். அத்தரை யாரும் தள்ளவில்லை. ஒவ்வொரு மூலக்கூறும் கண்மூடித்தனமாக மோதி மோதித் திரியுது, அவ்வளவுதான். இப்போது அறையை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். பத்தே பத்து மூலக்கூறுகள் மட்டும் இருந்தால், ஒவ்வொன்றும் இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கலாம். மொத்தம் 1024 விதமான இருப்புகள். அதில் பத்தும் இடப்பக்கமே இருப்பது ஒரே ஒரு விதம். ஐந்துக்கு ஐந்தாகப் பிரிந்திருப்பது 252 விதம். மூலக்கூறுகளுக்கு விருப்பு வெறுப்பு ஒன்றும் இல்லை. பரந்த நிலைக்கு வழிகள் கூட, ஒதுங்கிய நிலைக்கு வழிகள் குறைய. பத்துக்கே இப்படியென்றால், ஒரு தேக்கரண்டி யூரியாவில் இருக்கிற மூலக்கூறுகளின் எண்ணிக்கை 5க்குப் பின்னால் 22 பூச்சியம். அவ்வளவும் தற்செயலாக ஒரு பக்கம் ஒதுங்கும் என்று உலகம் உள்ளளவும் காத்திருந்தாலும் நடக்காது.

சடப்பொருள் பரவுவது போலத்தான் சக்தியும் பரவும். மேசையில் வைத்த சுடு பிளேன்டீ ஆறுவது ஏன்? கோப்பைக்குள் கொஞ்சம் மூலக்கூறுகளிடம் ஒதுங்கியிருந்த சக்தி, அறை முழுக்க உள்ள எண்ணற்ற மூலக்கூறுகளிடம் பங்குபோய்விட்டது. பங்கு போடுகிற வழிகள் அங்கே கூட. ஆறிய தேயிலை தானாகச் சுடாதது இதனால்தான். சக்தி அழியவில்லை, ஒரே இடத்தில் திரும்பக் கூடுகிற வழி, இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு.

இப்படிப் பரவியிருக்கிற அளவுக்குத்தான் எந்திரப்பி என்று பேர். 1865இல் கிளௌசியஸ் என்ற ஜேர்மன் அறிஞர் வைத்த பெயரின் தமிழ் வடிவம். சடப்பொருளும் சக்தியும் இருக்கக்கூடிய வழிகள் எத்தனை என்பதன் அளவு என்றும் சொல்லலாம். நாங்கள் படித்த காலத்தில் இதை ஒழுங்கீனம் என்று சொல்லித்தந்தார்கள், நானும் பல வருசம் அலங்கோலமான அலுமாரியைக் காட்டிப் படிப்பித்தேன். இப்போது அதை விட்டுவிட்டேன். அலுமாரி அலங்கோலமா இல்லையா என்பது பார்க்கிறவரின் கண்ணில் இருக்குது. உம்மாவுக்கு அலங்கோலம், பிள்ளைக்கு எல்லாம் வைத்த இடத்தில் இருக்குது. பரவுவது அப்படியல்ல. அளந்து எண் போடலாம்.

போட்டுப் பார்ப்போம். விதி என்னவென்றால், ஒரு மாற்றம் தானாக நடக்க வேண்டுமென்றால் பொருளின் எந்திரப்பியையும் சுற்றாடலின் எந்திரப்பியையும் சேர்த்துக் கூட்டினால் மொத்தம் கூட வேண்டும். ஒரு பக்கம் குறையலாம், மறுபக்கம் அதைவிடக் கூடினால் போதும்.

யூரியா கரையும்போது சுற்றாடல் 15,000 யூலை இழக்குது. இந்த இழப்பு எவ்வளவு பெரிது என்பது சுற்றாடலின் வெப்பநிலையைப் பொறுத்தது. மூட்டை மூட்டையாக அரிசி வைத்திருக்கிற வீட்டில் ஒரு கொத்து அரிசி கடன் வாங்கினால் அவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது. இரண்டு கொத்து மட்டும் இருக்கிற வீட்டில் வாங்கினால் அன்று சோறு குறையும். வெப்பநிலை கூடிய இடம் பணக்கார வீடு மாதிரி, அங்கே அதே சக்தியை எடுத்தால் எந்திரப்பி இழப்புச் சின்னது. கணக்கில், எடுத்த வெப்பத்தைக் கெல்வின் வெப்பநிலையால் வகுக்க வேண்டும். நம்மட ஊர்ச் சூடு கிட்டத்தட்ட 300 கெல்வின். 15,000ஐ 300ஆல் வகுத்தால் 50. ஆக சுற்றாடலுக்கு 50 நட்டம்.

மறுபக்கம், வரிசையில் இறுகி நின்ற யூரியா மூலக்கூறுகள் தண்ணீர் முழுக்கப் பரவி, உருண்டு புரண்டு திரிய இடம் கிடைத்ததால் வந்த இலாபம் ஏறத்தாழ 70. 70இல் 50 போனால் 20 மிச்சம். மொத்தம் கூடியிருக்குது. ஆகவே கரையும். வெப்பத்தை எடுக்கும், ஆனாலும் கரையும். விதிவிலக்கு எதுவும் இல்லை, அதே விதிதான்.

தேங்காய் விழுவதும் இதே விதிதான் என்பது எனக்கே பிந்தித்தான் உறைத்தது. தேங்காய் நிலத்தில் மோதும்போது அதன் சக்தி சூடாகி, மண்ணிலும் காற்றிலும் பரவிவிடுது. பரவிய சக்தி ஒன்றுசேர்ந்து தேங்காயைத் தூக்கி ஓலைக்குள் வைக்காது. வெப்பம் வெளிவரும் தாக்கங்களில் சுற்றாடலின் இலாபம் பெரிது, அதனால்தான் அவை அதிகம் கண்ணில் படுகின்றன. தொம்சனும் பெர்த்தலோவும் ஏமாந்த இடமும் அதுதான். பெரும்பாலான நேரம் சரிவருகிற ஒன்றை விதி என்று நினைத்துவிட்டார்கள்.

இந்த 20 மிச்சம் முடிவில்லாமல் ஓடாது. நான் சொன்ன கணக்கு ஒரு லீற்றரில் ஒரு மூல் அளவில் கரைந்திருக்கும்போது உள்ளது. தண்ணீரில் யூரியா கூடக் கூட, அடுத்து வருகிற மூலக்கூறுக்குப் பரவுவதால் கிடைக்கிற இலாபம் குறைந்துகொண்டே போகும். ஏற்கனவே அத்தர் நிறைந்த அறையில் இன்னொரு துளி மாதிரி. இலாபமும் நட்டமும் சமனாகிற இடத்தில் கரைவது நின்றுவிடும். வாளியின் அடியில் மணி தங்கும். அந்த இடம் வெப்பநிலையோடு நகரும். 20 பாகையில் 100 கிராம் தண்ணீர் ஏறத்தாழ 108 கிராம் யூரியாவை வாங்கும், 40 பாகையில் 167 கிராம், 60 பாகையில் 250 கிராம். சூடு கூடினால் வகுக்கிற எண் பெரிது, நட்டம் சின்னது, அதனால் கூடக் கரையும். ஒரே நேரத்தில் நிறைய யூரியாவைக் கொட்டினால் கடைசி மணிகள் கரைய மறுப்பதும் பாதி இதனால்தான்: அது தன் தண்ணீரைத் தானே குளிராக்கிவிட்டுது. மச்சானுக்குச் சொன்னது, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், இல்லையென்றால் சற்று நேரம் வெயிலில் வையுங்கள்.

மண் முட்டித் தண்ணி குளிர்வதும் இதே குடும்பம்தான். முட்டியின் துளை வழியாகக் கசிகிற தண்ணீர் ஆவியாக ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 2400 யூல் வேண்டும். ஆவி காற்றில் பரவுகிற இலாபம் அதைத் தாங்குது. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் பரவ இடம் குறைய, முட்டியும் குளிராது. மாரி காலத்தில் முட்டித் தண்ணி சும்மா தண்ணிதான்.

இனி, கரைதல் என்றாலே பரவுதல், ஆகவே எப்போதும் இலாபம் என்று யாரும் எழுதி வைத்துவிட வேண்டாம். நான் ஒரு தரம் அப்படியும் எழுதிக் கொடுத்தேன். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு என்னைத் திருத்தியது.

நீறின சுண்ணாம்பு தண்ணீரில் கரையும்போது வெப்பத்தை வெளிவிடும். சுற்றாடலுக்கு இலாபம். கரைகிறபோது பரவவும் செய்யும். இரண்டும் இலாபம் என்றால் சீனி மாதிரிக் கரைய வேண்டும். ஆனால் ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டு கிராம்கூடக் கரையாது. காரணம் கல்சியம் அயனின் இழுவை. இரட்டை ஏற்றம் உள்ள சின்ன அயன் அது. பக்கத்தில் ஓடித்திரிந்த தண்ணீர் மூலக்கூறுகளை இழுத்துத் தன்னைச் சுற்றி இறுக்கி நிறுத்திவிடும். சுண்ணாம்பு பரவுது, ஆனால் அதற்காகத் தண்ணீர் கட்டுப்படுது. சேர்த்துப் பார்த்தால் கரைசலின் எந்திரப்பி குறைந்துவிடுது. யூரியாவுக்கு ஏற்றம் இல்லை, அது தண்ணீரை இவ்வளவு இறுக்குவதும் இல்லை. வெப்பத்தை எடுக்கிற யூரியா கிலோக் கணக்கில் கரையுது, வெப்பத்தைக் கொடுக்கிற சுண்ணாம்பு கரைய மறுக்குது. தேங்காய்க் கதையால் இந்த இரண்டையும் விளக்கவே ஏலாது.

இதை வீட்டிலும் பார்க்கலாம். சுண்ணாம்புத் தண்ணியைத் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் ஒரு போத்தலில் நிரப்பி இலேசாக மூடி, கொதிநீர்ப் பாத்திரத்தில் இறக்கி வைத்துச் சூடாக்குங்கள். மங்கலாகும். சூட்டில் கரைதிறன் குறைவதால் கரைந்தது வெளியே வருது. ஒரு எச்சரிக்கை: மூச்சுக் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டுப் பட்டாலும் அதே தண்ணி மங்கலாகும். எது என்று அறிய ஆறவிட்டு அடிக்கடி குலுக்கிப் பாருங்கள். சூட்டால் வந்த மங்கல் மெதுவாகத் திரும்பத் தெளியும். காபனீரொட்சைட்டால் வந்தது தெளியாது. கண்ணில் பட விடாதீர்கள், பிள்ளைகளைத் தனியாகச் செய்ய விடாதீர்கள்.

அன்று கேள்வி கேட்ட பொடியன் இப்போது டவுனில் ஒரு உரக் கடையில் வேலை. மச்சானுக்கு யூரியா வாங்கியதும் அங்கேதான் என்று பிறகுதான் தெரிந்தது. நேற்று போனேன். கடையில் சனம் இல்லாத நேரம். "மகன், நீ ஒரு கேள்வி கேட்டாய், ஞாபகம் இருக்கா? யூரியா ஏன் குளிருது எண்டு" என்றேன்.

சிரித்தான். "நீங்க விதிவிலக்கு எண்டு சொன்ன, சேர்."

"அது பிழை. விதிவிலக்கு இல்ல. எனக்கு அண்டைக்குத் தெரியாது. தெரியாது எண்டு சொல்லியிருக்கணும்."

கல்லாப்பெட்டிப் பக்கத்தில் கிடந்த பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் 15,000ஐ 300ஆல் வகுத்து, 70இல் கழித்துக் காட்டினேன். அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கேட்டான்: "சேர், அப்ப மூட்டைக்குள்ளயே யூரியா கட்டிபட்டுப் போகுதே மழை காலத்தில, காத்தில இருக்கிற தண்ணிய அது இழுக்கிறதும் இதே கணக்கா?"

அதே கணக்குத்தான், ஆனால் காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 73 வீதத்தைத் தாண்டும்போதுதான் யூரியா தண்ணியை இழுக்கத் தொடங்கும் என்றேன். ஏன் 73, ஏன் உப்புக்கு வேறு எண் என்று அடுத்துக் கேட்டான். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பில் புத்தகத்தில் அடுத்த தாளைப் புரட்டினோம்.